சினை ஊசித் தேதியிலிருந்து கன்று ஈனும் நாள்: பர்மிய மாதக் கணக்கில் குழம்பாமல் 283 நாள் எண்ணும் வழி

பசுவின் சினைக்காலம் சராசரியாக 283 நாள். ஊசி போட்ட தேதியோடு இதைக் கூட்டினால் கன்று ஈனும் தேதி வந்துவிடும். கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும், புதிதாகப் பால் மாடு வைப்பவர்கள் பலரும் மூன்று வாரம், சில ஆண்டுகளில் ஒரு மாதம்கூடப் பிசகிவிடுகிறார்கள். கூட்டல் தெரியாததால் வரும் பிசகு அல்ல இது. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, எந்தக் காலண்டரில் எண்ணுவது என்ற இரண்டு இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். பெகு, தட்டோன், மோல்மீன் பக்கத்து நம் குடும்பங்களில் மாட்டுக் கணக்கை இன்னும் பர்மிய மாதத்தில் வைத்திருப்பவர்கள் உண்டு. அதனால் அந்தச் சிக்கலையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முந்தைய படி சரியாக இல்லாவிட்டால் அடுத்த படியில் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மாட்டுக்கென்று ஒரு நோட்டு, ஆங்கிலத் தேதியும் பர்மியத் தேதியும் சேர்ந்து அச்சான சுவர்க் காலண்டர், ஊசி போட்டவர் எழுதிக் கொடுத்த சீட்டு. இந்த மூன்றும் போதும்.

நோட்டில் ஒவ்வொரு பசுவுக்கும் தனிப் பக்கம் விடுங்கள். பருவத்துக்கு வந்த நாள், ஊசி போட்ட நாள், காலையா மாலையா, எந்தக் காளையின் விந்து அல்லது குறைந்தபட்சம் எந்த இனம், திரும்பப் பருவத்துக்கு வந்ததா என்பதையெல்லாம் அன்றன்றே எழுத வேண்டும். இனத்தை ஏன் எழுத வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கன்று எத்தனை நாள் வயிற்றில் இருக்கும் என்பதில் தாயின் இனத்தோடு கன்றின் இனத்துக்கும் பங்கு உண்டு. அது 7-ஆம் படியில் தேவைப்படும்.

பழைய ஆண்டின் காலண்டரைத் தூக்கி எறியாதீர்கள். சினைக்காலம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் கால் வைக்கும். ஊசி போட்ட ஆண்டின் காலண்டர் இல்லாமல் பர்மியத் தேதியை மாற்றுவது கடினம்.

2. எந்த ஊசியிலிருந்து எண்ணுவது

முதல் ஊசியிலிருந்து அல்ல, கடைசி ஊசியிலிருந்து. மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். ஏப்ரலில் ஒரு முறை ஊசி போடுகிறார்கள், சுவரில் கரியால் எழுதி வைக்கிறார்கள். மூன்று வாரம் கழித்துப் பசு மறுபடி கத்துகிறது, மறுபடி ஊசி போடுகிறார்கள். சுவரில் இருக்கும் தேதி மட்டும் மாறுவதில்லை. பசுவின் பருவச் சுழற்சி ஏறத்தாழ 21 நாள். ஆகவே கணக்கும் அப்படியே 21 நாள் தவறிவிடுகிறது.

ஒரே பருவத்தில் இரண்டு ஊசி போட்டிருந்தால், அதாவது மாலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று என்றால், பின்னதை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் பெரிதில்லை. காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது வழக்கம். பருவ அறிகுறி அடங்கிய பிறகே முட்டை வெளியாகிறது என்பதால், ஊசி நேரத்துக்கும் கரு உருவாகும் நேரத்துக்கும் இடையில் ஒரு நாளுக்கு மேல் போகாது. எனவே பருவம் தெரிந்த நாளை விட்டுவிட்டு, ஊசி போட்ட நாளையே தொடக்கமாக வையுங்கள்.

அந்த நாள் பூஜ்யம். மறுநாள்தான் ஒன்று. ஊசி நாளையே ஒன்று என்று விரல் மடக்கத் தொடங்கினால் கணக்கில் ஒரு நாள் முந்திவிடும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சினையாக இருக்கும் பசுக்களிலும் சில, இடையில் பருவ அறிகுறி காட்டும். அப்போது மறு ஊசி போட்டால் கரு கலையும் ஆபத்து உண்டு. முன் ஊசிக்குப் பிறகு பருவம் வழக்கத்தைவிட மங்கலாக இருந்தாலோ, 21 நாள் கணக்கோடு பொருந்தாமல் வந்தாலோ, ஊசி போட வருபவரிடம் அதைச் சொல்லிச் சினையைச் சோதித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பசுவுக்கு இரண்டு தேதிகளையும் நோட்டில் வைத்திருங்கள். எது சரி என்பது 6-ஆம் படியில் தெரியும்.

3. பர்மியத் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றுங்கள்

"கசோன் பௌர்ணமி அன்றைக்குப் போட்டோம் அண்ணே, தபவுங் பிறந்ததும் கன்று போடும்" என்று ஒரு தம்பி சொன்னால், அவர் மாதப் பெயர்களை விரல் விட்டு எண்ணியிருக்கிறார் என்று பொருள். பெரும்பாலான ஆண்டுகளில் அது ஏறத்தாழ சரியாகவே வரும். பர்மிய மாதம் சந்திரனை ஒட்டி 29 அல்லது 30 நாள் கொண்டது. 283 நாள் என்பது அப்படிப்பட்ட ஒன்பது மாதமும் 17 அல்லது 18 நாளும். கசோன் பௌர்ணமியிலிருந்து எண்ணினால் தபவுங் வளர்பிறையின் இரண்டாம் மூன்றாம் நாளில் போய் நிற்கும்.

ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, பர்மியக் காலண்டரில் வாசோ மாதம் இரண்டு முறை வரும். முதல் வாசோ முடிந்ததும் இரண்டாம் வாசோ முப்பது நாள் ஓடி, அதன் பிறகுதான் வாகவுங் பிறக்கும். 2023-இல் அப்படித்தான் வந்தது. அந்த ஆண்டு கசோன் பௌர்ணமி மே 3. பெயர்களை எண்ணியவர் தபவுங் தொடக்கத்தை, அதாவது 2024 மார்ச் 11 வாக்கை எதிர்பார்ப்பார். பசுவின் வயிற்றில் இரண்டாம் வாசோவும் ஒரு மாதமாகக் கழிந்திருக்கிறது. உண்மையில் 283-ஆம் நாள் விழுவது 2024 பிப்ரவரி 10, தபோட்வே பிறக்கும் வேளை. ஒரு மாத வித்தியாசம்.

இது சாதாரணப் பிசகு அல்ல. மார்ச் 11 என்று நம்புபவர் அறுபது நாள் முன்னதாக, ஜனவரி 11-இல் பால் கறப்பதை நிறுத்துவார். பசுவோ பிப்ரவரி 10-இல் ஈன்றுவிடும். மடிக்குக் கிடைத்த ஓய்வு முப்பதே நாள். அடுத்த ஈத்தின் பால் குறையும். பால் நிறுத்தும்போது காம்பில் நீண்ட நாள் வேலை செய்யும் மருந்துக் குழாய் செலுத்தியிருந்தால், ஈன்ற பிறகு வரும் பாலில் அந்த மருந்து கலந்திருக்கவும் கூடும்.

ஆகவே மாதப் பெயர்களை எண்ணாதீர்கள். ஊசி போட்ட அன்றே சுவர்க் காலண்டரைப் பார்த்து, பர்மியத் தேதிக்குப் பக்கத்தில் ஆங்கிலத் தேதியையும் எழுதிவிடுங்கள். வளர்பிறையா தேய்பிறையா என்பதைக் கட்டாயம் சரிபாருங்கள். சீட்டில் "கசோன் 8" என்று மட்டும் இருந்தால் அது வளர்பிறை எட்டாகவும் இருக்கலாம், தேய்பிறை எட்டாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே 15 நாள்.

பத்து மாதம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதே சந்திர மாதக் கணக்குதான். பத்து முழு மாதம் 295 நாள் ஆகிவிடும். பேச்சுக்குச் சரி, பால் நிறுத்தும் நாளைக் குறிக்கப் போதாது.

4. 283 நாளைக் கூட்டுங்கள்

காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும். ஊசி போட்ட ஆங்கில மாதத்திலிருந்து ஒன்பது மாதம் முன்னே போங்கள். மூன்று மாதம் பின்னே வந்து அடுத்த ஆண்டை எழுதினாலும் அதே மாதம்தான் கிடைக்கும், பலருக்கு அதுவே எளிது. (ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஊசிகளுக்கு மட்டும் ஆண்டு மாறாது.) அதே தேதியை வைத்துக்கொண்டு, அதோடு சில நாள்களைக் கூட்டுங்கள். எத்தனை நாள் என்பது ஊசி போட்ட மாதத்தைப் பொறுத்தது:

- மே: 7 நாள்
- மார்ச், ஏப்ரல்: 8 நாள்
- ஜூலை, டிசம்பர்: 9 நாள்
- மற்ற எல்லா மாதங்களும்: 10 நாள்

கூட்டும் நாள் ஏன் மாறுகிறது என்றால், ஒன்பது மாதம் என்பது எப்போதும் ஒரே நீளம் அல்ல. மே முதல் பிப்ரவரி வரை 276 நாள். ஜனவரி முதல் அக்டோபர் வரை 273 நாள். 283-க்கு மீதி எவ்வளவோ அதைத்தான் கூட்டுகிறோம்.

நம் பசுவுக்கு ஊசி 2023 மே 3. மூன்று மாதம் பின்னே வந்தால் பிப்ரவரி 3, ஆண்டு 2024. மே மாதத்துக்கு 7 கூட்ட வேண்டும். பிப்ரவரி 10.

இடையில் பிப்ரவரி 29 வந்தால் கிடைத்த தேதியில் ஒரு நாள் குறையுங்கள். மே 3 ஊசிக்கு இது பொருந்தாது, ஏனென்றால் பிப்ரவரி 29-க்கு முன்பே பசு ஈன்றுவிடுகிறது. அதே 2023-இல் நவம்பர் 5 அன்று ஊசி போட்ட பசுவுக்குப் பொருந்தும். ஆகஸ்ட் 5-உடன் 10 கூட்டி ஆகஸ்ட் 15, அதில் ஒன்று குறைத்து 2024 ஆகஸ்ட் 14.

மே 29, 30, 31, ஜூலை 31, டிசம்பர் 31 ஆகிய ஐந்து நாள்களுக்கு மட்டும் "பிப்ரவரி 31" போன்ற இல்லாத தேதி வரும். தயங்காமல் அடுத்த மாதத்துக்குள் எண்ணிக்கொண்டு போங்கள். பிப்ரவரி 31 என்பது மார்ச் 3, அதோடு 7 சேர்த்து மார்ச் 10. அந்த ஆண்டில் பிப்ரவரி 29 இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் 28 நாள் என்றே எண்ணிவிட்டு, இருந்தால் கடைசியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

5. கைப்பேசியில் போடுவதானால்

கைப்பேசியின் அட்டவணைச் செயலியில் ஊசித் தேதி `A2` கட்டத்தில் இருந்தால் இதுவே போதும்:

```
=A2+283
```

பிப்ரவரி 29-ஐ அது தானே பார்த்துக்கொள்ளும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 03/05 என்று தட்டினால் சில கைப்பேசிகள் அதை மே 3 என்று படிக்கும், சில மார்ச் 5 என்று படிக்கும். மார்ச் 5 என்று எடுத்துக்கொண்டால் விடை டிசம்பர் 13 ஆகிவிடும். விடையைக் கையால் போட்ட கணக்கோடு ஒரு முறை ஒப்பிடுங்கள். நோட்டில் எழுதும்போதும் மாதத்தை எண்ணாக எழுதாமல் பெயராகவே எழுதுங்கள்.

6. சினைப் பரிசோதனை செய்து தேதியை உறுதிப்படுத்துங்கள்

இதுவரை வந்த தேதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஊசியில் சினை பிடித்திருக்க வேண்டும். அதை நோட்டு சொல்லாது.

ஊசிக்குப் பிறகு 21-ஆம் நாளையும் 42-ஆம் நாளையும் ஒட்டி, முன்னும் பின்னும் மூன்று நான்கு நாள் காலையும் மாலையும் பசுவைக் கவனியுங்கள். நம் பசுவுக்கு அவை மே 24, ஜூன் 14. கத்துவது, பிற மாடு ஏறும்போது அசையாமல் நிற்பது, கண்ணாடி போன்ற சளி வடிவது ஆகியவை தெரிந்தால் பெரும்பாலும் சினை பிடிக்கவில்லை, எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். எதுவும் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துச் சினை என்று முடிவு செய்யாதீர்கள். கட்டிப்போட்டே வளர்க்கும் மாட்டில் பருவம் நம் கண்ணில் படாமலே இரவில் கழிந்துவிடுவது சாதாரணம்.

அறுபது நாள் ஆனதும், அதாவது ஜூலை 2 வாக்கில், கால்நடை மருத்துவரை அழைத்து ஆசனவாய் வழியாகக் கை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். தேர்ந்த கை இதற்கு முன்பே கண்டுபிடிக்கும். ஆனால் இளங்கருவைத் தடவிப் பார்ப்பதில் அவசரம் நல்லதல்ல.

"சினையா இல்லையா" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். "எத்தனை நாள் சினை?" என்று கேளுங்கள். இரண்டு மாதத்தில் கரு சுண்டெலி அளவு, மூன்று மாதத்தில் பெருச்சாளிக் குட்டி அளவு என்பது சோதிப்பவர்களின் கைக்கணக்கு. ஆரம்ப மாதங்களில் இந்த வயதுக் கணிப்பு நன்றாகப் பொருந்தும். ஐந்தாறு மாதம் ஆன பிறகு கருப்பை வயிற்றுக்குள் இறங்கிவிடுவதால் கணிப்பு தளர்ந்துபோகும்.

இரண்டு ஊசித் தேதி உள்ள பசுவுக்கு இது தீர்ப்புப் போன்றது. நம் பசுவுக்கு ஏப்ரல் 12-இல் ஒரு ஊசி போட்டிருந்து, மே 3-இல் மறு ஊசி போட்டதாக வைத்துக்கொள்வோம். ஜூலை 2 அன்று சோதித்தவர் ஏறத்தாழ அறுபது நாள் என்றால் மே ஊசி, பிப்ரவரி 10. எண்பது நாள் என்றால் ஏப்ரல் ஊசி, அதற்கு ஈனும் தேதி ஜனவரி 20. காளையோடு சேர்ந்து மேயும் பசுவுக்கு ஊசித் தேதியே கிடையாது. அங்கே இந்தப் பரிசோதனையில் சொல்லும் வயதுதான் ஒரே பிடிமானம்.

7. ஒரு நாளை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்

283 என்பது பல இனங்களைச் சேர்த்துப் பார்த்த சராசரி. பிரீசியன், ஜெர்சி இனங்களில் 279 நாளை ஒட்டி ஈனும். திமில் உள்ள இனங்களில் நாள் கூடும், பிராமன் மாட்டில் 290-ஐத் தாண்டுவது வழக்கம். பர்மாவின் நாட்டு மாடும் திமில் இனம்தான். நம் தொழுவங்களில் இருப்பது பெரும்பாலும் நாட்டு மாடும் பிரீசியனும் கலந்தது. ஆகவே 283-ஐ நடுப்புள்ளியாக வைப்பது பொருத்தமே. பிரீசியன் ரத்தம் அதிகம் உள்ள பசு, வயிற்றில் இருப்பதும் பிரீசியன் கன்று என்றால் நான்கு நாள் முந்தும் என்று எதிர்பாருங்கள். நாட்டுப் பசுவும் நாட்டுக் காளையும் என்றால் பிந்தும்.

இதற்கு மேல், காளைக் கன்று ஓரிரு நாள் பிந்தும். கிடேரியின் முதல் ஈத்து சற்று முந்தலாம். இரட்டைக் கன்று ஒரு வாரம் வரைகூட முந்தும். இவற்றை முன்கூட்டிக் கணக்கிட முடியாது. அதனால் தேதிக்கு முன்னும் பின்னும் பத்து நாளைச் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். நம் பசுவுக்கு ஜனவரி 31 முதல் பிப்ரவரி 20 வரை. இந்த நாள்களில் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். தைப்பூசமும் திருவிழாக்களும் வரும் காலமாக இருந்தால், யார் ஊருக்குப் போவது, யார் மாட்டோடு இருப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.

இந்த இடைவெளிக்குள் எந்த நாள் என்பதைப் பசுவின் உடம்புதான் சொல்லும். மடி நிறைந்து காம்பு விறைக்கும். வால் அடியின் இருபுறமும் உள்ள தசைநார் தளர்ந்து குழி விழும். குழி நன்றாக விழுந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். மடியை மட்டும் நம்பாதீர்கள், கிடேரிக்கு வாரக்கணக்கில் முன்பே மடி இறங்கிவிடும்.

8. ஈனும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பால் நிறுத்தும் நாள், ஈனும் தேதிக்கு அறுபது நாள் முன்பு. நம் பசுவுக்கு 2023 டிசம்பர் 12. மடியின் பால் சுரக்கும் திசு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும், சீம்பால் ஊறவும் அவ்வளவு நாள் வேண்டும். 45 நாளுக்குக் கீழே குறைய விடாதீர்கள். பசு பத்து நாள் முந்தி ஈன்றாலும் ஐம்பது நாள் ஓய்வு மிஞ்சும் என்பதால்தான் அறுபது என்று வைக்கிறோம்.

கடைசி மூன்று வாரம், நம் கணக்கில் ஜனவரி 20 முதல், தவிட்டையும் பிண்ணாக்கையும் சிறிது சிறிதாகக் கூட்டிவாருங்கள். ஈன்ற பிறகு திடீரென்று நிறையக் கொடுத்தால் வயிறு ஏற்காது. ஈனும் இடத்தைக் காயவைத்து வைக்கோல் பரப்புவதும் அப்போதே. பிப்ரவரியில் ஈனும் பசுவுக்கு இது எளிது. ஆகஸ்டில் ஈனும் பசுவுக்கு, மழை கொட்டும்போது காய்ந்த வைக்கோல் கிடைக்காது. வைகாசிக்கு முன்பே எடுத்துப் பரணில் ஏற்றி வையுங்கள்.

9. தேதி தவறும்போது

பிப்ரவரி 20 தாண்டியும் பசு அசையாமல் நிற்கிறதா? முதலில் மடியைப் பாருங்கள். மடி இறங்கவே இல்லை, வால் அடி இறுகியே இருக்கிறது என்றால் ஊசித் தேதியைச் சந்தேகியுங்கள். மே 24-இல் பருவம் வந்து கவனிக்காமல் விட்டு, அவிழ்ந்துபோன நேரத்தில் ஊர்க்காளை ஏறியிருந்தால் ஈனும் தேதி மார்ச் 2 ஆகும். (பிப்ரவரி 24-உடன் 7 கூட்டி, இடையில் வரும் பிப்ரவரி 29-க்காக ஒன்றைக் குறைத்தால் இதே தேதி வரும்.) மடி நிறைந்து, குழி விழுந்து, இரண்டு மூன்று நாளாகியும் ஈனவில்லை என்றால் அது வேறு விஷயம், மருத்துவரை அன்றே அழையுங்கள்.

மாறாக, ஜனவரி மூன்றாம் வாரத்திலேயே பசு ஈன்று, கன்று முழு வளர்ச்சியோடு எழுந்து பால் குடிக்கிறது என்றால் அது குறைமாதக் கன்று அல்ல. முந்தைய ஊசியில் பிடித்த கன்று. நோட்டில் ஏப்ரல் 12-ஐத் திருத்தி எழுதுங்கள். கன்று சிறியதாக, மயிர் குட்டையாக, எழ முடியாமல் இருந்தால் குறைமாதம்தான். நஞ்சுக்கொடியைக் கையால் தொடாமல், பக்கத்தில் உள்ள மற்ற சினை மாடுகளைத் தள்ளிக் கட்டிவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள். கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுநோய்களில் சில, நஞ்சுக்கொடியின் வழியே மற்ற மாட்டுக்கும் நமக்கும் பரவும்.

ஈன்ற தேதியையும் கன்று காளையா கிடேரியா என்பதையும் அதே பக்கத்தில் எழுதி, ஊசியிலிருந்து உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று கணக்கிட்டு வையுங்கள். ஒரே பசு அடுத்தடுத்த ஈத்துகளிலும் ஓரளவு அதே நாளளவைக் காட்டக்கூடும். 279-இல் ஈன்ற பசுவுக்கு அடுத்த முறை அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாள் இடைவெளியை நான்கு நாள் முன்னே நகர்த்தலாம்.